எஃப்டியா, பங்குச் சந்தையா? எவ்வளவுக்கு எவ்வளவு என்று சொல்லும் கோடு

கையில் ஒரு தொகை சேர்ந்ததும் நம் வீடுகளில் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி "பேசாமல் பேங்கில் போடு" என்கும். இன்னொரு கட்சி "அதில் என்ன கிடைக்கும், மார்க்கெட்டில் போடு" என்கும். எதில் போடுவது என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். எதில் எவ்வளவு என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. நிதிப் பாடத்தில் அந்தக் கேள்விக்கென்றே ஒரு கோடு இருக்கிறது, மூலதனச் சந்தைக் கோடு. பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் பலர், சொந்தப் பணத்தைப் பிரிக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பதில்லை. அது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். படத்தின் படுக்கை அச்சில் ரிஸ்க், அதாவது ஆண்டு வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம். செங்குத்து அச்சில் எதிர்பார்க்கும் வருமானம். முதல் புள்ளி, ரிஸ்க் இல்லாத முதலீடு. இரண்டாவது, மொத்தப் பங்குச் சந்தை. இரண்டையும் இணைத்தால் கோடு தயார்.

முதல் புள்ளிக்கு இந்தியாவில் பொருத்தமானது 91 நாள் ட்ரெஷரி பில். ரிசர்வ் வங்கி இதை அரசுக்காக வாரந்தோறும் ஏலம் விடுகிறது. இதற்குத் தனியாக வட்டி கிடையாது. தள்ளுபடி விலையில் வாங்குகிறோம், முடிவில் முழுத்தொகை வருகிறது. 98 ரூபாய் 40 காசுக்கு வாங்கினால் 91 நாள் கழித்து 100 ரூபாய். ஆண்டுக் கணக்கில் சுமார் 6.5 சதவீதம், இங்கே எல்லாக் கணக்குக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன். 2021 நவம்பரில் தொடங்கிய ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கு மூலம் 10,000 ரூபாயிலிருந்து தனி ஆளும் வாங்கலாம். கடன் வாங்குவது அரசு, அதுவும் சொந்த நாணயத்தில். மூன்றே மாதத்தில் முடிந்துவிடுவதால் நடுவில் வட்டி விகிதம் மாறினாலும் பெரிய பாதிப்பு இல்லை. வங்கி எஃப்டியையும் இந்த இடத்தில் வைக்கலாம்தான். ஆனால் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் என்பதை மறக்கக் கூடாது. பத்து வருட அரசுப் பத்திரத்திலும், அத்தகைய பத்திரங்களை வாங்கும் கில்ட் ஃபண்டிலும் கடன் வாங்குவது அரசுதான், ஆனாலும் அவை இந்தப் புள்ளிக்குச் சரிவராது. வட்டி விகிதம் ஏறினால் அவற்றின் விலை இறங்கும். பணம் திரும்ப வரும் என்பது வேறு, நடுவில் மதிப்பு ஆடாது என்பது வேறு.

இரண்டாவது புள்ளிக்கு, நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டை எடுத்துக்கொள்வோம். நீண்டகால வருமானம் ஆண்டுக்கு 12 சதவீதம், திட்ட விலக்கம் 18 சதவீதம் என்று வைக்கிறேன். இவை என் அனுமானங்கள். இவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் கணக்கு தடுமாறுவதே அங்கேதான்.

இப்போது பாதிப் பணத்தை ட்ரெஷரி பில்லிலும் பாதியை இண்டெக்ஸ் ஃபண்டிலும் போட்டால் என்ன ஆகும்? வருமானம் 6.5க்கும் 12க்கும் நடுவில், 9.25. ரிஸ்க், 18இல் பாதி, 9. ட்ரெஷரி பில் ஆடவே ஆடாது என்பதால் மொத்தக் கலவையின் ஆட்டம், பணத்தில் எவ்வளவு பகுதி பங்குச் சந்தையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மட்டும். அதனால்தான் இது வளைவாக இல்லாமல் நேர்கோடாக வருகிறது. இதன் சரிவு, 12க்கும் 6.5க்கும் உள்ள வித்தியாசமான 5.5ஐ 18ஆல் வகுத்தது, சுமார் 0.31. ஒரு சதவீதம் கூடுதல் ஆட்டத்தைத் தாங்கினால் 0.31 சதவீதம் கூடுதல் வருமானம் எதிர்பார்க்கலாம் என்று அர்த்தம். இதுதான் சந்தை நமக்குத் தரும் விலை.

ரிஸ்க்கைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் குறைக்கிறார்கள். "எனக்கு மார்க்கெட் பயம், அதனால் சோப்பு, பேஸ்ட், மருந்துக் கம்பெனிகள் மட்டும் வாங்குகிறேன்" என்பார்கள். அப்படி ஒரு தொகுப்பின் திட்ட விலக்கம் 15, எதிர்பார்க்கும் வருமானம் 10.5 என்று வைப்போம். அமைதியான தொகுப்புதான். ஆனால் அதே 15 ரிஸ்க்கைச் சந்தையில் 83 சதவீதமும் ட்ரெஷரி பில்லில் 17 சதவீதமும் வைத்தே பெறலாம், வருமானமோ 11க்குக் கொஞ்சம் மேலே. பயத்துக்காகப் பங்குகளின் சேர்க்கையை மாற்றியவர் கோட்டுக்குக் கீழே போய் நிற்கிறார், அதே ஆட்டத்துக்குக் குறைந்த கூலி வாங்குகிறார். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958இல் நிறுவியது இதுதான்: ரிஸ்க் உள்ள சொத்துகளை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பது ஒரு முடிவு, அந்தச் சேர்க்கையில் எவ்வளவு பணம் போடுவது என்பது தனி முடிவு. பயந்தவருக்கும் துணிந்தவருக்கும் முதல் முடிவு ஒன்றேதான். ஆளுக்கு ஆள் மாறுவது இரண்டாவது மட்டும்.

சரி, ஆளுக்கு ஆள் மாறும் அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடப்புத்தகம் ஒவ்வொருவருக்கும் ஒரு இடர் வெறுப்பு எண் தருகிறது. எண் பெரிதாக இருந்தால் ஆள் பயந்தவர். சூத்திரம் இப்படி:

பங்கில் போட வேண்டிய பகுதி = (சந்தை வருமானம் − இடரற்ற வருமானம்) ÷ (இடர் வெறுப்பு எண் × திட்ட விலக்கத்தின் வர்க்கம்)

நம் எண்களைப் போட்டால் மேலே 0.055, கீழே 0.0324 பெருக்கல் அந்த எண். எண் 2 என்றால் 85 சதவீதம் பங்கில். 3 என்றால் 57 சதவீதம். 4 என்றால் 42 சதவீதம். வர்க்கம் கீழே இருப்பதைக் கவனியுங்கள். சந்தையின் ஆட்டம் 18இலிருந்து 25 ஆனால், எண் 3 உள்ளவரின் 57 சதவீதம் 29ஆக, ஏறக்குறைய பாதியாகிவிடும்.

"எனக்கு எண் 4" என்று யாருக்கும் பிறப்புச் சான்றிதழில் எழுதித் தருவதில்லை. இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: முழுப் பணத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டில் வைப்பதற்குப் பதிலாக, எத்தனை சதவீதம் நிச்சய வட்டி கொடுத்தால் நீங்கள் இரண்டும் ஒன்றுதான் என்பீர்கள்? இந்தக் கணக்கில் அந்த நிச்சய வட்டி, 12இலிருந்து எண் பெருக்கல் 1.62ஐக் கழித்தால் வரும். 1.62 என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கமான 3.24 சதவீதத்தில் பாதி. 9 சதவீதம் நிச்சயமாகத் தந்தால் போதும் என்பவரின் எண் 1.9 அளவில். எண் 4 உள்ளவருக்கு அது வெறும் 5.5. அதாவது முழுக்கப் பங்கில் வைப்பது அவருக்கு 5.5 சதவீத நிச்சய வட்டிக்குத்தான் சமம். ட்ரெஷரி பில்லே 6.5 தருகிறது. அதனால் எஃப்டியா, சந்தையா என்று கேட்டால் "எஃப்டி" என்றுதான் சொல்வார், சொல்வதும் சரி.

ஆனால் கேள்வியே தவறு. அவரே 42 சதவீதம் பங்கிலும் மீதி ட்ரெஷரி பில்லிலும் வைத்தால், எதிர்பார்க்கும் வருமானம் 8.8, ஆட்டம் 7.6. அவருடைய பயத்துக்கான கழிவைக் கழித்த பிறகும் அது 7.7 சதவீத நிச்சய வட்டிக்குச் சமம். முழு எஃப்டியைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் நல்லது, முழுப் பங்கைவிட இரண்டு சதவீதத்துக்கு மேல் நல்லது. டோபின் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்திலிருந்துதான். பணமாக வைப்பதா, பத்திரமாக வைப்பதா என்பதில் பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸின் விளக்கப்படி ஒவ்வொரு ஆளும் முழுக்க இதிலோ முழுக்க அதிலோ இருக்க வேண்டும். நிஜத்தில் மக்கள் இரண்டையும் கலந்து வைக்கிறார்களே, ஏன் என்று டோபின் கேட்டார். ரிஸ்க்கை வெறுப்பவருக்குக் கலவைதான் இரு முனைகளையும்விட மேல் என்பது அவருடைய பதில். முதல் சில சதவீதம் பங்கு சேர்க்கும்போது ஆட்டத்தின் வலி மிகச் சிறிது, கூடுதல் வருமானமோ முழு விலையில் கிடைக்கிறது. அதனால் எவ்வளவு பயந்தவராக இருந்தாலும், சந்தையின் எதிர்பார்ப்பு இடரற்ற வருமானத்துக்கு மேலே இருக்கும்வரை, பூஜ்யம் விடையாக வராது.

நிச்சய வட்டிக் கேள்விக்குப் பலரால் பதில் சொல்ல முடியாது. ரூபாயில் கேட்டால் சொல்வார்கள். ஒருவரை எடுத்துக்கொள்வோம்: வயது 45, கையில் 20 லட்சம், பத்து வருடத்துக்குத் தேவைப்படாத பணம். மோசமான வருடத்தில் எவ்வளவு போனால் தாங்குவீர்கள் என்றால், "இரண்டு லட்சம் வரை" என்கிறார். அதாவது 10 சதவீதம். மோசமான வருடம் என்பதைச் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே என்று எடுக்கலாம், சராசரியிலிருந்து இருபுறமும் ஒரே மாதிரி குறைந்துகொண்டே போகும் மணி வடிவப் பரவலில் அது ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. முழுப் பங்கு வைத்தால் அந்த வருடம் 12இலிருந்து 36 கழித்து 24 சதவீத இழப்பு. 54 சதவீதம் பங்கு வைத்தால் எதிர்பார்ப்பு 9.5, ஆட்டம் 9.7, மோசமான வருடத்தில் இழப்பு சரியாக 10 சதவீதம். ஆக 10.8 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டில், 9.2 லட்சம் ட்ரெஷரி பில்லில். சூத்திரத்தின் பாஷையில் அவருடைய இடர் வெறுப்பு எண் 3க்குச் சற்று மேல்.

இந்த 54ஐ 2008ஆம் ஆண்டில் வைத்துப் பார்ப்போம். அந்தக் காலண்டர் ஆண்டில் நிஃப்டி 6,138இலிருந்து 2,959க்கு வந்தது, சுமார் 52 சதவீத வீழ்ச்சி. 10.8 லட்சம் 5.2 லட்சமாகிறது. ட்ரெஷரி பில் பகுதி, அதே 6.5 சதவீதம் என்றே வைத்தால், 9.8 லட்சமாகிறது. மொத்தம் 15 லட்சம். இரண்டு லட்சம் போனால் தாங்குவேன் என்றவருக்கு ஐந்து லட்சம் போயிருக்கிறது.

கணக்கில் பிழை இல்லை, பரவலின் வடிவத்தில்தான் பிழை. 12க்கும் 18க்கும் மணி வடிவத்தை வைத்தால் 52 சதவீத வீழ்ச்சி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு முறை வர வேண்டியது. நிஃப்டி தொடங்கியதே 1996இல். பன்னிரண்டு வருடத்துக்குள் வந்துவிட்டது. 2020இலும் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் சுமார் 38 சதவீதம் விழுந்தது, அந்த ஒரே நாளில் மட்டும் 13 சதவீதம். சந்தையின் கீழ்வால், அதாவது பெரிய வீழ்ச்சிகள் இருக்கும் முனை, மணி வடிவம் சொல்வதைவிடத் தடிமனானது. திட்ட விலக்கம் என்ற ஒற்றை எண்ணில் ரிஸ்க்கை அடக்கும் எந்தக் கோட்டுக்கும் இந்தக் குறை உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? கேள்வியைத் திருப்பிப் போடலாம்: 2008 மாதிரி ஒரு வருடம் வந்தாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்றால் எத்தனை சதவீதம்? 28. பங்கில் 5.6 லட்சம், மீதி 14.4 லட்சம். எதிர்பார்க்கும் வருமானம் 9.5இலிருந்து 8க்கு இறங்கும். 20 லட்சத்துக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 28,600 ரூபாய் அந்தப் பாதுகாப்புக்கான கட்டணம். இப்போது இரண்டு விடைகள் இருக்கின்றன, 54, 28. எதை எடுப்பது என்பது அந்த இரண்டு லட்சம் என்ன மாதிரி எல்லை என்பதைப் பொறுத்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் போன்ற தாண்டவே முடியாத எல்லை என்றால் 28. தூக்கம் கெடும் எல்லை, ஆனால் சம்பளம் தொடர்ந்து வரும் என்றால் 54க்குப் பக்கத்தில் போகலாம். அந்த 45 வயதுக்காரருக்கு நானாக இருந்தால் 40 சொல்வேன், பத்து வருடம் தொட வேண்டியதில்லை என்பதால்.

அப்புறம் அந்த 12 சதவீதம். திட்ட விலக்கம் 18 உள்ள சந்தையின் 25 வருடத் தரவை எடுத்துச் சராசரி போட்டால், அந்தச் சராசரி எவ்வளவு தவறலாம் என்பதைச் சொல்லும் நியமப் பிழையே 3.6 சதவீதம் இருக்கும், அதாவது 18ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தது. 12 என்று நாம் சொல்வது உண்மையில் 8.5ஆகவோ 15.5ஆகவோ இருக்கச் சாதாரணமாகவே வாய்ப்பு உண்டு. கூடுதல் வருமானம் 5.5 அல்ல, 3.5தான் என்றால் எண் 3 உள்ளவருக்கு 57 சதவீதம் 36ஆகிவிடும். ஆட்டத்தின் அளவை ஓரளவு நன்றாகவே மதிப்பிட முடியும், சராசரியைத்தான் முடியாது. அதனால் கடந்த ஐந்து வருட வருமானத்தைச் சூத்திரத்தில் போட்டு "உங்களுக்கு 93 சதவீதம்" என்று யாராவது தந்தால், அந்தத் துல்லியத்தை நம்பாதீர்கள். சந்தை ஏறி முடித்த சமயத்தில்தான் கடந்தகாலச் சராசரி பெரிதாகத் தெரியும், ஆட்டம் சிறிதாகத் தெரியும், சூத்திரமும் தாராளமாக விடை கொடுக்கும். இழப்பு எல்லையிலிருந்து பின்னோக்கி வரும் வழி சராசரியை இவ்வளவு நம்பி நிற்பதில்லை. எனக்கு அந்த வழி பிடித்ததற்கு அதுவே காரணம்.

நிஃப்டி மொத்தச் சந்தை அல்ல என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோட்பாட்டின்படி அந்த இரண்டாவது புள்ளியில் பங்கு, பத்திரம், தங்கம், மனை எல்லாம் அதனதன் மதிப்புக்கேற்ப இருக்க வேண்டும். அப்படி ஒரு தொகுப்பை யாராலும் அளக்க முடியாது என்று நிதிப் பொருளியலாளர் ரிச்சர்ட் ரோல் 1977லேயே சுட்டிக்காட்டிவிட்டார். நாம் வரைவது அதன் நகலைத்தான். சொத்தில் முக்கால் பங்கு வீடும் நகையுமாக இருப்பவருக்கு, மீதிக் கால் பங்குக்கு மட்டும் போட்ட 54 என்பது மொத்தச் சொத்தில் 54 ஆகாது.

கோடு சந்தைப் புள்ளியோடு நிற்காமல் மேலே போகிறது. புத்தகத்தில் அந்தப் பகுதி அழகாக இருக்கும்: கடன் வாங்கிக் கூடுதலாகப் பங்கு வாங்கு, அதே சரிவில் வருமானம் ஏறும். இடர் வெறுப்பு எண் 1 என்றால் சூத்திரம் 170 சதவீதம் என்கும். ஆனால் அரசுக்கு நாம் கடன் கொடுக்கும் விகிதத்தில் நமக்கு யாரும் கடன் தருவதில்லை. மியூச்சுவல் ஃபண்டை அடமானம் வைத்து 10.5 சதவீதத்துக்கு வாங்கினால், கூடுதல் வருமானம் 5.5 அல்ல, 1.5தான். சரிவு 0.31இலிருந்து 0.08க்கு விழுகிறது. கோடு சந்தைப் புள்ளியில் முறிந்து படுத்துவிடுகிறது. அதே எண் 1காரருக்குக் கடன் வட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் 46 சதவீதம் வரும். ஒரு கணக்கு நூறுக்கு மேலே போ என்கிறது, இன்னொன்று கீழே வா என்கிறது, அவர் நூறிலேயே நிற்க வேண்டியதுதான். எண் 0.46இலிருந்து 1.7 வரை உள்ள அத்தனை பேருக்கும் இந்த எண்களில் ஒரே விடை: முழுப் பணமும் பங்கில், கடன் ஒரு ரூபாயும் வேண்டாம். பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவதாக இப்போதே ஒப்பந்தம் போடும் ஃப்யூச்சர்ஸில் உள்ளடங்கிய வட்டி குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதில் நஷ்டத்தை அன்றன்றே மார்ஜினாகக் கட்ட வேண்டும், பத்து வருடம் பொறுக்கிறேன் என்று சொல்ல முடியாது.

விகிதத்தை ஒரு முறை முடிவு செய்தாலும் சந்தை அதை அப்படியே விட்டுவைக்காது. 2008 முடிவில் நம் ஆளின் 15 லட்சத்தில் பங்கு 5.2 லட்சம், அதாவது 35 சதவீதம்தான். அவருடைய சகிப்பு மாறவில்லை என்றால் விகிதம் 54க்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஐந்து லட்சம் இழந்த கையோடு 2.9 லட்சத்தை ட்ரெஷரி பில்லிலிருந்து எடுத்துப் பங்கில் போட வேண்டும். அப்படிப் போட்டிருந்தால், 2009இல் நிஃப்டி 76 சதவீதம் ஏறியபோது அவர் கணக்கு 21.6 லட்சம். போடாமல் விட்டிருந்தால் 19.6 லட்சம். அடுத்த வீழ்ச்சியில் இதேபோல் ஒரே வருடத்தில் மீளும் என்று எதுவும் சொல்லவில்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. ஆனாலும் விகிதம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அந்த 2.9 லட்சம் என்ற எண்ணை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த நிலையில் அதை எடுத்துப் போட முடியாது என்று தோன்றினால் 54 அவருக்கானதல்ல. 40க்கு இறக்கி அதே கணக்கைப் போடட்டும், பிறகு 28க்கு. போட முடியும் என்று தோன்றும் எண் எதுவோ, அதில் தொடங்கலாம். வருடத்துக்கு ஒரு முறை பார்த்து, பங்கின் பகுதி ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் திருப்பினால் போதும். அதைவிட அடிக்கடி திருப்பினால் வரியும் செலவும் வருமானத்தைத் தின்றுவிடும்.